கடன் கொப்பியிலிருந்து கம்பனிக்கு: பங்காக மாறுவது எது?

அக்கரப்பத்தனை நகரில் பத்து இருபது வருடம் பழைய கடை எதற்குள் நுழைந்தாலும் மேசைக்குக் கீழே நீளமான கொப்பி ஒன்று இருக்கும். டயகம, டொரிங்டன், கிளாஸ்கோ என்று தோட்டத்தின் பெயர், டிவிசன், ஆளின் பெயர், பக்கத்தில் தொகை. சம்பள நாள் வந்ததும் சில வரிகள் வெட்டப்படும், சில வரிகள் அடுத்த பக்கத்துக்குப் போகும், சில வரிகள் ஒருபோதும் வெட்டப்படாமல் அப்படியே கிடக்கும்.

இந்தக் கொப்பியோடு கடை நடத்திவந்த ஒருவர், "இனி இதைக் கம்பனியாகப் பதியப் போகிறேன்" என்று தீர்மானித்தால் என்ன நடக்கிறது? பெயர்ப்பலகையில் 'பிரைவேட் லிமிட்டெட்' என்ற இரண்டு சொற்கள் சேர்வதோடு காரியம் முடிந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கடை முழுவதும் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாறுகிறது. கொடுப்பவர் முதலாளி. வாங்குவது கம்பனி. கம்பனியிடம் காசு இல்லாததால் விலையைப் பங்குகளாகக் கொடுக்கிறது. அந்த விலையை எப்படிக் கணக்கிடுவது என்பதில்தான் பின்னால் வரும் குடும்பச் சண்டையும் வரிச் சிக்கலும் கடன்காரர் தொல்லையும் ஒளிந்திருக்கின்றன.

நம்மைச் சுற்றியிருக்கும் தோட்டங்கள் எல்லாம் கம்பனிகளாலேயே நடத்தப்படுகின்றன. 1992இல் அரச தோட்டங்களை ஏற்று நடத்த உருவான பெருந்தோட்டக் கம்பனிகளில் ஒன்று இந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டத்து மக்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் பெரும்பாலானவை இன்னும் தனிநபர் வியாபாரங்கள்தான். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்த சான்றிதழ் சுவரில் தொங்கும். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெயருக்குத் தனி உயிர் இல்லை. கடையின் கடன் முதலாளியின் கடன், முதலாளியின் வீடு கடைக் கடனுக்கும் பொறுப்பு. அவர் இறந்தால் வியாபாரமும் அவரது மரணச் சொத்தோடு சேர்ந்து வழக்குக்குப் போகும். கம்பனியாக மாற்ற நினைப்பதற்கு இதுதான் முதல் காரணமாக இருக்கும். இரண்டாவது காரணம், வெளிநாட்டில் உழைத்துவந்த பிள்ளை ஒருவர் பணத்தைப் போட்டுப் பங்காளியாகச் சேர விரும்புவது.

ஒரு கடையின் ஐந்தொகை

கணக்கைப் புரிந்துகொள்வதற்காக ஓர் உதாரணத்தை அமைத்துக்கொள்வோம். இது எந்தவொரு குறிப்பிட்ட கடையும் அல்ல. அக்கரப்பத்தனையில் வாடகைக் கட்டடத்தில் நடக்கும் ஒரு ஹார்ட்வெயார் கடை. மூன்று ஊழியர்கள், லீசிங்கில் எடுத்த ஒரு லொறி. கட்டாரில் இருந்து திரும்பிய மகன் 33 இலட்சம் ரூபாவுடன் வந்திருக்கிறார். மாற்றத்துக்கான நாள் மார்ச் 31. வரி ஆண்டு அன்றோடு முடிவதால் அந்த நாள் வசதியானது.

அன்று கணக்குப் புத்தகத்தின்படி ஐந்தொகை இப்படி இருக்கிறது:

- சாமான் இருப்பு: 64 இலட்சம்
- கடன் கொப்பியில் வரவேண்டியது: 38 இலட்சம்
- லொறி, தேய்மானம் கழித்து: 45 இலட்சம்
- அலுமாரி, தராசு, தளபாடம்: 6 இலட்சம்
- கையிலும் வங்கியிலும் உள்ள காசு: 7 இலட்சம்
- மொத்தச் சொத்து: 160 இலட்சம்

மறுபக்கத்தில் மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்கவேண்டியது 35 இலட்சம், லொறி லீசிங் மீதி 25 இலட்சம், வங்கிக் கடன் 10 இலட்சம். மொத்தப் பொறுப்பு 70 இலட்சம். மிச்சம் 90 இலட்சம் முதலாளியின் மூலதனம். இதைத்தான் தேறிய சொத்து என்கிறோம்.

அவசரத்தில் செய்பவர்கள் இந்த 90 இலட்சத்தை அப்படியே எடுத்து, பங்கு ஒன்று 10 ரூபா வீதம் 9 இலட்சம் பங்குகளைத் தந்தையின் பெயரில் எழுதிவிடுவார்கள். தவறு இங்கேதான் தொடங்குகிறது. தனியாளாக இருக்கும்வரை ஐந்தொகையில் பிழை இருந்தாலும் நட்டம் அவருக்கு மட்டும்தான். தன் கொப்பியில் தானே ஏமாந்துகொள்ள எவருக்கும் உரிமை உண்டு. கம்பனிக்குக் கொடுக்கும்போது அந்த எண் ஒரு விலையாக மாறுகிறது. அந்த விலையை நம்பி இன்னொருவர் பணம் போடுகிறார்.

கொப்பி சொல்வதும் கடையில் இருப்பதும்

ஆகவே முதல் வேலை, மார்ச் 31 மாலை கடையைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் எண்ணிப் பார்ப்பது. நமது உதாரணக் கடையில் நான்கு திருத்தங்கள் வருகின்றன.

முதலாவது, இருப்பு. ஈரத்தில் கட்டியாகிப்போன சீமெந்து, துருப்பிடித்த ஆணி, காலம் கடந்த பெயின்ட் ஆகியவை வாங்கிய விலையிலேயே கணக்கில் நிற்கின்றன. இருப்பை வாங்கிய விலை, விற்றால் கிடைக்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்டவேண்டும். 4 இலட்சம் கழிகிறது, 60 இலட்சம் மிஞ்சுகிறது.

இரண்டாவது, கடன் கொப்பி. எங்கள் பக்கத்துக் கடைகளுக்கு இதுதான் மிகப் பெரிய திருத்தம். இலங்கையின் 1871ஆம் ஆண்டு 22ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, விற்றுக்கொடுத்த சாமானுக்கான கடனையும் கடைப்பற்றையும் அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப்போட்டுக் கேட்கவேண்டும். கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ இடையில் ஒரு பகுதியைக் கட்டினாலோ காலம் மீண்டும் எண்ணப்படும். அப்படி எதுவும் இல்லாமல் ஒரு வருடத்தைத் தாண்டிய வரிகள் மனிதர்களின் நாணயத்தை மட்டும் நம்பி நிற்பவை. அவர்கள் கொடுக்கக்கூடும். ஆனால் கம்பனி அதைச் சொத்தென்று சொல்லி விலை கொடுக்க முடியாது.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. கொப்பியில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, கடைசியாக எப்போது காசு கட்டினார் என்ற திகதியை எழுதுங்கள். மூன்று மாதத்துக்குள், மூன்று முதல் பன்னிரண்டு மாதம், அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரியுங்கள். தோட்டத்தை விட்டுக் கொழும்புக்குப் போய்விட்டவர்கள், இறந்துபோனவர்கள், முகவரி தெரியாதவர்கள் எல்லாம் கடைசிக் குவியலில் சேர்வார்கள். நமது உதாரணத்தில் அந்தக் குவியல் 13 இலட்சம். ஆகவே 38 இலட்சம் 25 இலட்சமாகிறது.

மூன்றாவது, காசு. வங்கியில் இருக்கும் 7 இலட்சத்தில் 2 இலட்சம் குடும்பச் சீட்டுப் பணம், கடைக் கணக்கில் வைத்திருந்தது. அது வியாபாரத்தின் சொத்தல்ல, வெளியே எடுக்கவேண்டும். தனிநபர் கடைகளில் வீட்டுக் காசும் கடைக் காசும் ஒரே லாச்சியில் கிடப்பது வழமை. கம்பனியான நாளிலிருந்து அந்த லாச்சி முதலாளியினுடையதல்ல. இதை மனதளவில் ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள்தான் பின்னர் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள்.

நான்காவது, கணக்கில் ஏறாத பொறுப்புகள். மூன்று ஊழியர்களுக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதமும் கட்டவேண்டும். சில மாதங்கள் கட்டப்படவில்லை. பிந்திய காலத்துக்கு மிகைக்கட்டணமும் சேரும். அதோடு கட்டப்படாத மின்சாரப் பட்டியல், கடை வாடகை. எல்லாம் சேர்த்து 4 இலட்சம்.

இப்போது மீண்டும் கூட்டிப்பார்ப்போம். இருப்பு 60, கடன் கொப்பி 25, லொறி 45, தளபாடம் 6, காசு 5. மொத்தம் 141 இலட்சம். பொறுப்பு 70உம் 4உம், 74 இலட்சம். தேறிய சொத்து 67 இலட்சம். புத்தகத்தில் இருந்த 90 இலட்சத்தில் 23 இலட்சம் உண்மையில் கடையில் இல்லை.

முதலாளி உடனே கேட்பார்: "இருபது வருடமாக நடந்த கடை, நாலு தோட்டத்துச் சனத்துக்கும் தெரிந்த பெயர், அதற்கு விலை இல்லையா?" நன்மதிப்புக்குப் பெறுமதி உண்டுதான். வெளியாள் ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் அதற்கும் சேர்த்துக் கொடுப்பார். ஆனால் ஒருவர் தன் கடையைத் தன்னுடைய கம்பனிக்கே கொடுக்கும்போது, சந்தையில் யாரும் கொடுக்காத ஒரு விலையைத் தானே எழுதிக்கொள்கிறார். அந்த எண்ணுக்குப் பின்னால் விற்கக்கூடிய எதுவும் இல்லை. ஆகவே இத்தகைய மாற்றங்களில் அதைச் சேர்க்காமல் விடுவதே பாதுகாப்பானது.

67 இலட்சம் பங்காகும் விதம்

2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பங்குகளின் முகப்பெறுமதியை ஒழித்துவிட்டது. 10 ரூபாப் பங்கு, 100 ரூபாப் பங்கு என்று இன்று சட்டத்தில் எதுவும் இல்லை. என்ன விலைக்குப் பங்கை வழங்குவதென்பதைப் பணிப்பாளர் சபை தீர்மானிக்கிறது. அந்த விலை கம்பனிக்கும் ஏற்கெனவே உள்ள பங்காளர் அனைவருக்கும் நியாயமானதாகவும் பொருத்தமானதாகவும் இருக்கவேண்டும் என்று 52ஆம் பிரிவு சொல்கிறது. காசுக்குப் பதிலாகச் சொத்துக் கொடுத்துப் பங்கு வாங்கினால், அந்தச் சொத்தின் காசுப் பெறுமதி எவ்வளவு என்பதையும் சபையே நிர்ணயிக்கவேண்டும் என்கிறது 58ஆம் பிரிவு. அப்படி நிர்ணயித்த தொகை, கம்பனியின் 'கூறப்பட்ட மூலதனம்' என்ற தலைப்பில் போய் உட்காரும்.

நமது கடையில் பங்கு ஒன்று 10 ரூபா என்று வைத்துக்கொண்டால் தந்தைக்கு 6 இலட்சத்து 70 ஆயிரம் பங்குகள். மகன் 33 இலட்சத்தைக் காசாகக் கொடுத்து 3 இலட்சத்து 30 ஆயிரம் பங்குகள் எடுக்கிறார். கம்பனியைப் பதியும்போது தந்தை 10 ரூபா கொடுத்து எடுத்த ஒரேயொரு பங்கை இங்கே எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

புத்தகப் பதிவு இரண்டு இடத்தில் நடக்கும். தந்தையின் பழைய பேரேட்டில், முதலில் மேலே சொன்ன 23 இலட்சமும் மூலதனக் கணக்கிலிருந்து கழிக்கப்படும். பின்னர் ஒவ்வொரு சொத்தும் பொறுப்பும் தேறல் கணக்குக்கு மாற்றப்பட்டு மூடப்படும். கம்பனி கொடுத்த 67 இலட்சம் ரூபாப் பங்குகள் அந்தக் கணக்கைச் சமப்படுத்தும். பிறகு அந்தப் பங்குகள் மூலதனக் கணக்குக்கு எதிராக அவருடைய கைக்குப் போகும். எல்லாக் கணக்கும் பூச்சியமானால் பழைய புத்தகம் சரியாக மூடப்பட்டது என்று பொருள். எங்காவது மிச்சம் நின்றால் ஏதோ ஒன்று கைமாறவில்லை.

கம்பனியின் புதிய புத்தகத்தில் முதல் பதிவு இது:

- வரவு: இருப்பு 60, கடன்பட்டோர் 25, லொறி 45, தளபாடம் 6, காசு 5
- செலவு: மொத்த வியாபாரிகள் 35, லீசிங் 25, வங்கிக் கடன் 10, ஏனைய நிலுவை 4, கூறப்பட்ட மூலதனம் 67

இரண்டு பக்கமும் 141 இலட்சம். அடுத்த பதிவு மகனின் காசு: வங்கி வரவு 33, கூறப்பட்ட மூலதனம் செலவு 33. கம்பனியின் தேறிய சொத்து இப்போது சரியாக 100 இலட்சம். தந்தைக்கு 67 வீதம், மகனுக்கு 33 வீதம்.

90 என்று எழுதியிருந்தால்?

அவசரப்பட்டு 90 இலட்சம் என்றே எழுதியிருந்தால் தந்தைக்கு 9 இலட்சம் பங்குகள். மகனுக்கு அதே 3 இலட்சத்து 30 ஆயிரம். மொத்தம் 12 இலட்சத்து 30 ஆயிரம். மகனின் பங்கு 33 வீதத்திலிருந்து 26.8 வீதமாகச் சுருங்குகிறது. கம்பனியில் உண்மையில் இருப்பது 100 இலட்சம்தான் என்பதால், மகனின் 33 இலட்சம் போட்ட அன்றே ஏறக்குறைய 26 இலட்சத்து 83 ஆயிரமாகிவிடுகிறது. 6 இலட்சத்துக்கு மேல் இழப்பு. கட்டிச் சீமெந்துக்கும் வராத கடனுக்கும் கட்டாரில் உழைத்த காசு போய்விட்டது. யாரும் திருடவில்லை, ஒரு எண்ணைச் சரிபார்க்கவில்லை, அவ்வளவுதான். தந்தை உயிரோடு இருக்கும்வரை இதை யாரும் கவனிக்கமாட்டார்கள். அவருக்குப் பின் பங்குகள் மற்றப் பிள்ளைகளுக்குப் பிரியும்போது கவனிப்பார்கள்.

இரண்டாவது விளைவு இலாபப் பங்கு பற்றியது. இலாபப் பங்கு கொடுப்பதற்கு முன் கம்பனி, வங்குரோத்தற்ற நிலைக்கான சோதனையில் தேறவேண்டும். 57ஆம் பிரிவின்படி கடன்களை உரிய நேரத்தில் கட்டக்கூடிய நிலை இருக்கவேண்டும். அதோடு சொத்தின் பெறுமதி, பொறுப்புகளையும் கூறப்பட்ட மூலதனத்தையும் சேர்த்த தொகையைவிடக் கூடுதலாக இருக்கவேண்டும். மூலதனம் 123 இலட்சம் என்று எழுதப்பட்டு, தேறிய சொத்து 100 இலட்சமாக இருந்தால், முதலில் 23 இலட்சம் இலாபம் உழைத்து அந்தப் பள்ளத்தை நிரப்பவேண்டும். அதுவரை ஒரு ரூபாவும் பங்காளருக்குக் கொடுக்கமுடியாது.

மூன்றாவது, 220ஆம் பிரிவு. தேறிய சொத்து கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே இறங்கிவிட்டதாக ஒரு பணிப்பாளருக்குத் தெரியவந்தால், பங்காளர்களின் விசேட பொதுக்கூட்டத்தைக் கூட்டவேண்டும். உண்மையான 100 இலட்சத்தில் தொடங்கிய கம்பனிக்கு அந்த எல்லை 50 இலட்சம். ஊதிய 123 இலட்சத்தில் தொடங்கியதற்கு அது 61.5 இலட்சம். அதாவது பெருமைக்காகக் கூட்டி எழுதிய எண், கெட்ட வருடம் ஒன்றில் முதலாளியின் கழுத்தைச் சீக்கிரமே நெருக்கும். பின்னர் குறைக்கலாம்தான். ஆனால் அதற்கு விசேட தீர்மானமும் பகிரங்க அறிவித்தலும் வேண்டும்.

ஒரு சப்பாத்து வியாபாரியின் கதை

இந்த விடயத்தில் உலகம் முழுவதும் படிக்கப்படும் வழக்கு, ஒரு சிறிய கடைக்காரருடையது. லண்டன் வைட்சப்பலில் ஆரன் சலமன் என்பவர் முப்பது வருடமளவில் தோல், சப்பாத்து வியாபாரம் செய்தார். 1892 ஜூலையில் அதைக் கம்பனியாக்கினார். அன்றைய சட்டத்துக்கு ஏழு பேர் தேவைப்பட்டதால் மனைவி, மகள், நான்கு மகன்மார் ஆகியோருக்கு ஒவ்வொரு பங்கு. கடையின் விலை ஏறக்குறைய 39,000 பவுண். அதில் 20,000 பவுணுக்குப் பங்குகள் எடுத்துக்கொண்டார். 10,000 பவுணுக்குக் கம்பனியின் சொத்தை ஈடாகக் கொண்ட கடன்பத்திரம் எடுத்துக்கொண்டார். மீதியில் பெரும்பகுதி பழைய கடன்களைத் தீர்க்கப் போனது.

அடுத்த வருடமே வியாபாரம் விழுந்தது. கம்பனி கலைக்கப்பட்டபோது ஈடு வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்தபின் சாதாரணக் கடன்காரருக்கு எதுவும் மிஞ்சவில்லை. கீழ் நீதிமன்றங்கள் சலமனே கடனைக் கட்டவேண்டும் என்றன. பிரித்தானியப் பிரபுக்கள் சபை 1896 நவம்பரில் அதை மாற்றியது. முறைப்படி பதிந்த கம்பனி அதன் முதலாளியிலிருந்து வேறான ஓர் ஆள், கம்பனியின் கடன் அதன் முதலாளியின் கடனல்ல என்று தீர்ப்பளித்தது. இலங்கையின் கம்பனிச் சட்டமும் இந்த அத்திவாரத்தில்தான் நிற்கிறது.

சலமன் வென்றார் என்பது மட்டும்தான் பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர் எழுதிய விலை, தன் கடை மீது ஆசைகொண்ட ஒருவரின் எதிர்பார்ப்பே தவிர வியாபார மதிப்பீடு அல்ல என்பதை அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த நீதிபதிகளே குறிப்பிட்டார்கள். சலமன் தப்பியதற்குக் காரணம், அன்று இருந்த ஏழு பங்காளருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது, யாரிடமும் எதுவும் மறைக்கப்படவில்லை என்பது. வெளியாளின் பணம் பங்காக உள்ளே வந்திருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும். இன்று இலங்கையில் சபை விலையை நியாயமாக நிர்ணயிக்கவேண்டும் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

எழுதிவிட்டால் கடன் நகராது

சலமனின் தீர்ப்பை அரைகுறையாகக் கேட்டவர்கள், கம்பனியாக மாறிய அன்றே பழைய கடனிலிருந்து தப்பிவிடலாம் என்று நினைக்கிறார்கள். அது நடக்காது. சொத்தை ஒருவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். கடனைக் கடன் கொடுத்தவரின் சம்மதம் இல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டமுடியாது. கம்பனியின் புத்தகத்தில் 35 இலட்சம் என்று எழுதியபின்னும், மார்ச் 31க்கு முன் சாமான் கொடுத்த மொத்த வியாபாரி தந்தைமீதே வழக்குப்போடலாம். ஒவ்வொருவரிடமும் "இனி இந்தத் தொகையைக் கம்பனியிடமே பெற்றுக்கொள்கிறேன், பழைய உரிமையாளரை விடுவிக்கிறேன்" என்று கையொப்பம் வாங்கினால்தான் கடன் உண்மையில் நகர்கிறது. நடைமுறையில் எளிய வழி, பழைய கடன்களை முதல் இரண்டு மூன்று மாதத்துக்குள் கம்பனி கட்டித் தீர்த்துவிடுவது. வங்கி அநேகமாகத் தந்தையின் தனிப்பட்ட பிணையையும் கேட்கும். அந்தக் கடனுக்குப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை என்பதைத் தெரிந்துகொண்டே கையொப்பமிடவேண்டும்.

லொறி இதைவிடச் சிக்கலானது. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக இருப்பது லீசிங் நிறுவனம். அது சம்மதிக்காவிட்டால் லொறி கம்பனிக்குப் போகாது. அப்படியானால் 45 இலட்சச் சொத்தையும் 25 இலட்சக் கடனையும் சேர்த்தே பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். தேறிய சொத்து 47 இலட்சமாகும், பங்குகள் 4 இலட்சத்து 70 ஆயிரமாகும். சொத்தை உள்ளே வைத்துக் கடனை வெளியே விடுவதோ, கடனை உள்ளே தள்ளிச் சொத்தைத் தன் பெயரில் வைத்திருப்பதோ தான் அடிக்கடி நடக்கும் பிழை. சொத்தும் அதன் கடனும் ஒரே வண்டியில் ஏறவேண்டும்.

கடை சொந்த நிலத்தில் இருந்தால் இன்னொரு படி கூடுகிறது. நிலத்தைக் கணக்குப் பதிவாலோ சாதாரண உடன்படிக்கையாலோ கொடுக்கமுடியாது. 1840ஆம் ஆண்டு மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன் உறுதி எழுதவேண்டும். முத்திரைத் தீர்வையும் கட்டவேண்டும். மலையகத்தில் பலரிடம் உறுதியே இல்லாமல் அனுபோகம் மட்டும் இருக்கிறது. தெளிவான உரித்து இல்லாத இடத்தைக் கம்பனியின் சொத்தாகக் காட்டிப் பங்கு எடுப்பது, இல்லாத பொருளை விற்பதற்குச் சமம். அத்தகைய இடத்தை வெளியே விட்டுவிடுவதே மேல்.

எந்த ஒழுங்கில்

கம்பனியை முதலில் பதியவேண்டும். கம்பனிப் பதிவாளர் திணைக்களத்தின் eROC தளத்தில் பெயரை அங்கீகரித்துக்கொண்டு, பணிப்பாளர், செயலாளர் சம்மதப் படிவங்களோடு விண்ணப்பிக்கலாம். தனியார் கம்பனிக்கு இன்று ஒரே பங்காளரும் போதும். கம்பனி பிறப்பதற்கு முன்னரே அதன் பெயரில் உடன்படிக்கை எழுதினால் அதைப் பின்னர் கம்பனி ஏற்றுக்கொள்ளவேண்டிய வேலை வருகிறது. ஆகவே பிறந்தபின் எழுதுவதே நேர்வழி.

பின்னர் மார்ச் 31 கணக்கெடுப்பு. அதன் பட்டியல், கடன் கொப்பியின் பெயர்வாரியான பிரிப்பு, கடன்கொடுத்தோர் பட்டியல் மூன்றையும் இணைத்து, தந்தைக்கும் கம்பனிக்கும் இடையே கையளிப்பு உடன்படிக்கை. எந்தச் சொத்து, எந்தப் பொறுப்பு, எந்த நாள், எத்தனை பங்கு என்பது அதில் இருக்கவேண்டும். பணிப்பாளர் சபை விலை நியாயமானது என்ற தீர்மானத்தைக் காரணத்தோடு எழுதிப் பதியவேண்டும். தந்தையே பணிப்பாளராகவும் இருந்தால், இந்தக் கொடுக்கல் வாங்கலில் தனக்கு நலன் இருப்பதை அதே கூட்டத்தில் வெளிப்படுத்தவேண்டும். மகனும் இன்னொரு பணிப்பாளராக இருந்து பட்டியலைச் சரிபார்த்துக் கையொப்பமிட்டால் நல்லது. பங்கு வழங்கி 20 வேலைநாட்களுக்குள் படிவம் 6 மூலம் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். பங்குப் பதிவேட்டிலும் எழுதவேண்டும்.

அதன்பின் கம்பனியின் பெயரில் வங்கிக் கணக்கு, வரி இலக்கம், ஊழியர் சேமலாப நிதிப் பதிவு, அக்கரப்பத்தனை பிரதேச சபையின் வியாபார உரிமம், கட்டட உரிமையாளருடன் புதிய வாடகை ஒப்பந்தம். ஊழியர்களுக்குப் பழைய சேவைக்காலம் தொடர்கிறது என்று கடிதம் கொடுக்கவேண்டும். கடன் கொப்பியில் உள்ளவர்களுக்கும் இனிக் கம்பனியின் பற்றுச்சீட்டு வாங்கும்படி சொல்லவேண்டும். எல்லாம் முடிந்தபின் பழைய வியாபாரப் பெயரை நீக்கலாம். முதலில் அதை நீக்கிவிட்டால், பழைய பெயருக்கு எழுதப்பட்ட காசோலைகள் மாற்றமுடியாமல் கையில் நிற்கும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

வரியைப் பார்த்தால் சிறிய கடைக்கு இது இலாபமல்ல. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை வருமான வரி விடுகை உண்டு, அதற்கு மேலும் 6 வீதத்திலிருந்துதான் தொடங்குகிறது. கம்பனிக்கு அந்த விடுகை இல்லை, பொதுவான வீதம் 30. தந்தை பணிப்பாளராக நியாயமான சம்பளம் எடுத்தால் அது கம்பனியின் செலவாகும், ஓரளவு சமன்படும். ஆனால் வருடாந்த அறிக்கை, செயலாளர் கட்டணம், கணக்காய்வுச் செலவு எல்லாம் புதிதாக வருகின்றன. கைமாற்றும் நாளில் வரிச் சட்டத்தின் கண்ணில் சொத்துகள் விற்கப்பட்டவையாகவே கருதப்படும். தனிநபரின் பழைய நட்டத்தைக் கம்பனி கொண்டுசெல்லவும் முடியாது. ஆகவே உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கு முன் வரிக் கணக்கைச் செய்து பார்க்கவேண்டும்.

பிள்ளையின் பணமோ வெளியாளின் பணமோ உள்ளே வராத, கடனும் பெரிதாக இல்லாத ஒரு சிறு கடைக்கு வியாபாரப் பெயரே போதும். பணம் உள்ளே வருகிறதென்றால் கம்பனி நல்லது. அப்போது வக்கீலையோ கணக்காளரையோ தேடிப் போகும் முன்னர், ஒரு மாலை கடையைச் சாத்திவிட்டு மேசைக்குக் கீழேயுள்ள அந்தக் கொப்பியை வெளியே எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கடைசியாகக் காசு வந்த திகதியை எழுதுங்கள். தந்தைக்கு எத்தனை பங்கு, மகனுக்கு எத்தனை வீதம் என்பதை அந்தத் திகதிகள்தான் தீர்மானிக்கப்போகின்றன.